நூறாவது காட்சி: விளக்குக்காரருக்கும் ஒரு மாலை

சென்னையில் இயங்கும் சபா நாடகக் குழு ஒன்று, தங்கள் நாடகத்தின் நூறாவது காட்சியையொட்டி மலர் கொண்டுவருகிறது. அதற்கு அரைப் பக்கம் வாழ்த்துரை கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. நன்றி என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எதற்கு நன்றி என்று சொல்லத் தொடங்கினால், வருடக்கணக்காக நாடகம் பார்ப்பவர்களுக்கே தெரியாத பல வேலைகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அதனால் அந்த வாழ்த்தையே விரித்து, எல்லோரும் படிக்கும்படி இங்கே தருகிறேன்.

அன்புள்ள நாடகக் குழுவினருக்கு,

வணக்கம். நூறாவது காட்சிக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்.

நூறு என்ற எண் எல்லாக் காலத்திலும் ஒரே எடை கொண்டதாக இருந்ததில்லை. 1960களிலும் 70களிலும் சென்னையில் பேட்டைக்குப் பேட்டை சபா இருந்தது. உறுப்பினர்களுக்கு மாதாமாதம் நிகழ்ச்சி தந்தாக வேண்டும். கச்சேரி ஒன்று, நாடகம் ஒன்று என்று போடுவார்கள். ஒரு சபாவில் நாடகம் எடுபட்டுவிட்டால் அடுத்த சபாவின் செயலாளர் தேதி கேட்டு வந்துவிடுவார். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட காலம் அது. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1968இல் மேடையேறியதும் அந்தச் சபாக்களை நம்பித்தான். அப்போது நன்றாக ஓடும் நாடகத்துக்கு நூறு என்பது சீக்கிரமே வந்துசேரும் மைல்கல்.

இன்று அப்படியில்லை. மாதத்துக்கு இரண்டு காட்சி கிடைத்தாலே பெரிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 24. மார்கழியில் அரங்கங்கள் கச்சேரிக்குப் போய்விடும். பரீட்சைக் காலத்தில் கூட்டம் வராது. ஆக நூறைத் தொட நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். நான்கு வருடம் என்பது ஒரு குடும்பத்தில் எத்தனையோ நடக்கிற காலம். ஒருவருக்கு மாற்றல் வரும், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், இன்னொருவர் வெளிநாட்டு வேலைக்குப் போவார். முதல் காட்சியில் நடித்த அத்தனை பேரும் நூறாவதிலும் நடிப்பது அபூர்வம். உங்கள் குழுவிலும் சில பாத்திரங்களுக்கு ஆள் மாறியிருக்கிறது. நாடகம் மட்டும் மாறாமல் நிற்கிறது.

மாறாமல் நிற்கிறது என்று சொன்னேனே, அதில்தான் நடிகர்களின் உழைப்பு இருக்கிறது. சினிமாவில் ஒரு முறை சரியாக வந்துவிட்டால் போதும். மேடையில் நூறு முறை வர வேண்டும். அதிலும் எதிரில் நிற்பவர் சொல்லப்போவது எழுத்துக்கு எழுத்து தெரிந்திருந்தும், இப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோல் கேட்க வேண்டும். பேசுவதைவிட இது கடினம். ஐம்பதாவது காட்சியைத் தாண்டும்போது பல நாடகங்களில் வரும் கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கும்: எதிராளி பேசி முடிக்கும் முன்பே அடுத்தவர் முகத்தில் பதில் வந்துவிடும். கடைசி வரிசையில் இருப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் சிரிப்பு குறைந்துபோகும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. ஒரு வசனத்துக்குக் கைதட்டல் கிடைத்தால் அடுத்த காட்சியில் அதோடு இன்னொரு வரி ஒட்டிக்கொள்ளும். அதற்கும் சிரித்தால் மறுமுறை ஒரு சைகை சேரும். ஒவ்வொன்றும் சில விநாடிதான். எட்டு நடிகர்கள் தலைக்கு ஒரு நிமிடம் சேர்த்தால் நாடகம் எட்டு நிமிடம் நீண்டுவிடும். கதையின் முடிச்சு அவிழும் இடத்துக்கு வரும்போது சபை களைத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி கைக்கடிகாரம். ஒவ்வொரு காட்சியும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று பக்கவாட்டில் நின்று குறித்து வைக்க வேண்டும். உங்கள் மேடை நிர்வாகி அப்படிக் குறித்த பள்ளிக்கூட நோட்டைப் பார்த்திருக்கிறேன். எந்தக் காட்சி எந்த மாதத்தில் நீள ஆரம்பித்தது, எப்போது மீண்டும் பழைய அளவுக்கு வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நூறாவது காட்சியிலும் உங்கள் நாடகம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது என்றால், தாங்களாகச் சேர்த்த கைதட்டல் வரிகளைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்த நடிகர்களுக்கு முதல் நன்றி.

அதிலும் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் காட்சியில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கடைசிக் காட்சியில் கடிதம் கொண்டுவருகிறவர். மொத்தம் நான்கு வரி. ஒன்றரை மணி நேரம் மேக்கப் கலையாமல், காபி குடிக்காமல், உள்ளே காத்திருப்பவர். தலைமைப் பாத்திரத்தில் நடிப்பவருக்கு அந்த மாலை முழுவதும் சபையின் சிரிப்பு துணையாக இருக்கும். இவருக்கு அது இல்லை. ஆனால் அவர் கடிதத்தை இரண்டு விநாடி தாமதமாகக் கொண்டுவந்தால் உச்சக் காட்சி சரிந்துவிடும்.

இனி திரைக்குப் பின்னால் வருகிறேன்.

தமிழ் நாடகத்தில் பின்மேடைக்காரர்கள் எப்போதும் இப்படி மறைந்தே இருந்ததில்லை. கம்பெனி நாடகக் காலத்தில் ஜனங்கள் காட்சி ஜோடனைக்காகவே டிக்கெட் வாங்கினார்கள். தெருப் படுதா, காட்டுப் படுதா, தர்பார் படுதா என்று வரைந்து தொங்கவிட்ட திரைகளே விளம்பரத்தில் இடம்பெற்றன. நவாப் ராஜமாணிக்கத்தின் ‘தசாவதாரம்’ அதன் காட்சி அமைப்புக்காகப் பேசப்பட்டது. ஆர்.எஸ். மனோகர் தன் நேஷனல் தியேட்டர்ஸ் குழுவின் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற நாடகங்களில் பிரமாண்ட செட்டுகளையும் தந்திரக் காட்சிகளையும் கொண்டுவந்து சபையை வாய் பிளக்க வைத்தார். முன்னால் தெருப் படுதாவை இறக்கி அதன் எதிரில் பபூன் வந்து பேசிச் சிரிக்க வைப்பதும், அதே நேரத்தில் பின்னால் அரண்மனையைப் பிரித்துக் காட்டை நிறுத்துவதும் கம்பெனிகளின் வழக்கம்.

படித்தவர்கள் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போடும் மரபு 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவைத் தொடங்கியபோதே வேரூன்றியது. பின்னாளில் வந்த சபா நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே செட் போதும்: ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஹால், மாடிப்படி, வாசல் கதவு, சமையலறைக்குப் போகும் வழி. செட் எளிமையானதும் அதைப் போடுகிறவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். வேலை மட்டும் எளிமையாகவில்லை.

ஒரு காட்சி நாளை எடுத்துக்கொள்வோம். மாலை ஏழு மணிக்கு நாடகம். மதியமே வேன் வந்து அரங்கின் பின்கதவில் நிற்கும். மரச்சட்டத்தில் துணியோ பிளைவுட்டோ அடித்த தட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஆளைவிட உயரமான தட்டிகள். அவற்றை வரிசையாக நிறுத்தி, பக்கத்துத் தட்டியோடு கயிற்றால் இழுத்துக் கட்டி, பின்னால் சாய்வாக ஒரு முட்டுக்கட்டை கொடுத்து, அதன் அடியில் கனமாக எதையாவது வைத்தால் அதுதான் சுவர். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அது முப்பது வருஷத்து வீடு.

இதில் சிக்கல் பிடித்த இடம் வாசல் கதவு. கோபித்துக்கொண்டு வெளியேறும் மகன் கதவை ஓங்கிச் சாத்த வேண்டும். கதவு இருக்கும் தட்டியும் சுவர்த் தட்டியும் ஒரே இறுக்கத்தில் கட்டப்பட்டிருந்தால், கதவு அடித்த வேகத்தில் வீடு முழுவதும் ஆடும். கண்ணீர் வர வேண்டிய இடத்தில் சபை சிரித்துவிடும். இதைத் தவிர்க்கக் கதவுத் தட்டிக்கு இரண்டு பக்கமும் தனி முட்டு கொடுத்து, பக்கத்துத் தட்டியோடு கட்டும் கயிற்றைச் சற்றே தளர்வாக விடுவார்கள். உங்கள் செட் போடும் பெரியவர் இதைச் சரிபார்ப்பதை ஒருநாள் பார்த்தேன். கதவை மூன்று முறை ஓங்கிச் சாத்தினார். கதவைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலண்டர் ஆடியது. பின்னால் போய் ஒரு முட்டை நகர்த்திவிட்டு வந்து மறுபடி சாத்தினார். காலண்டர் அசையவில்லை. “போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

அவரும் அவரோடு வரும் இரண்டு பேரும் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும், மறுபடி எரிவதற்குள் சோபாவை நகர்த்தி, மேஜையை மாற்றி, காபி டம்ளரை எடுத்து, பெட்டியை வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும். அரை நிமிடம்கூடக் கிடைக்காது. சத்தம் வரக் கூடாதென்று செருப்பில்லாமல் நடப்பார்கள். சோபாவின் நான்கு காலும் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். வெளிச்சத்திலிருந்து சட்டென்று இருட்டுக்கு வந்தால் யாருக்கும் கண் தெரியாது. பழக நேரம் ஆகும். அந்த நேரம் இவர்களுக்கு இல்லை. அதனால் காட்சி முடிய நான்கைந்து வசனம் இருக்கும்போதே பக்கவாட்டு மறைப்பில் கண்களை மூடிக்கொண்டு நிற்பார்கள். காதால் வசனத்தைக் கேட்டுக்கொண்டிருந்து, விளக்கு அணைந்ததும் கண்ணைத் திறப்பார்கள். அவர்களுக்கு அப்போது மேடை ஓரளவு தெரியும். நூறு காட்சியில் அந்தக் காட்சி முடிவை அவர்கள் ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விளக்குக்காரரைப் பற்றி இன்னும் அதிகம் சொல்ல வேண்டும்.

மேடை விளக்கை மெல்ல மங்கச் செய்வது இன்று விரல் நுனி வேலை. ஒரு காலத்தில் அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. பீங்கான் ஜாடியிலோ குழாயிலோ உப்புத் தண்ணீரை நிரப்பி, அடியில் ஓர் உலோகத் தகடு வைத்து, மேலே இன்னொரு தகட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். விளக்குக்குப் போகும் மின்சாரம் இந்த இரண்டு தகடுகளுக்கும் இடையே உள்ள தண்ணீர் வழியாகத்தான் போயாக வேண்டும். மேல் தகடு தூரத்தில் இருந்தால் நடுவிலுள்ள தண்ணீர் அதிகத் தடை கொடுக்கும், விளக்கு மங்கலாக எரியும். கயிற்றைத் தளர்த்தித் தகட்டை இறக்க இறக்கத் தடை குறையும், வெளிச்சம் ஏறும். பொழுது விடிவதை அப்படித்தான் காட்டினார்கள். உப்பு கூடினால் விடியல் படிப்படியாக வராமல் ஒரேயடியாகக் குதித்துவரும். குறைந்தால் விளக்கு முழு வெளிச்சத்துக்கே வராது. நேரம் போகப் போகத் தண்ணீர் சூடாகி ஆவி பறக்கும். சூடானதும் தடையும் மாறும், அதனால் முதல் காட்சியில் போட்ட கணக்கு மூன்றாவது காட்சிக்கு உதவாது. மூடாத மின்சாரத்துக்குப் பக்கத்தில் ஈரக் கையோடு ஒரு மனிதர் இருட்டில் உட்கார்ந்திருப்பார். நாயகியின் முகத்தில் விழுந்த மெல்லிய வெளிச்சத்துக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைத்த காலம் அது.

பிறகு வந்த டிம்மர்கள் அந்த ஆபத்தை நீக்கின. ஆனால் மின்சாரக் கணக்கு போகவில்லை. 1000 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். பத்து விளக்கு என்றால் 43 ஆம்பியர். அரங்கின் சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று விளக்குக்கு மேல் தாங்காது. நான்காவதைச் சொருகினால் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் அதில் உள்ள மோசம். ஒவ்வொரு காட்சியிலும் இரண்டிரண்டு விளக்காக எரியும்போது எல்லாம் சரியாக இருக்கும். உச்சக் காட்சியில் மேடை முழுவதும் ஒளி வேண்டும் என்று அத்தனையும் ஏற்றும்போது ஃபியூஸ் போகும். அதனால் நல்ல விளக்குக்காரர் அரங்குக்குள் நுழைந்ததும் மேடையைப் பார்க்க மாட்டார், மின்சார அறை எங்கே என்று கேட்பார். மெயினிலிருந்து தனி லைன் இழுக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் எந்த விளக்கு எங்கே என்று யோசிப்பார். திரை விலகும் முன் அத்தனை விளக்கையும் ஒன்றாக ஏற்றிப் பத்து நிமிடம் எரியவிட்டு, பிளக்கையும் வயரையும் தொட்டுப் பார்ப்பார். கை சுட்டால் அன்றைக்கு ஒரு விளக்கைக் குறைத்துவிடுவார்.

இப்போது எல்இடி வந்திருப்பதால் பத்து விளக்குக்கும் முன்பு இரண்டு மூன்று விளக்குக்கு ஆன மின்சாரமே போதும். ஆனால் வேறொரு பிரச்சினை. ஹாலஜனின் மஞ்சள் சூட்டுக்கு ஏற்றபடி போட்டுப் பழகிய மேக்கப், எல்இடியின் வெள்ளையில் வெளிறித் தெரிகிறது. அரிதாரமும் முத்துவெள்ளையும் பூசிய காலத்திலிருந்து பான்கேக் வரை, மேக்கப் என்பது எப்போதும் வெளிச்சத்தோடு பேசி முடிவுசெய்கிற காரியம். உங்கள் மேக்கப்காரர் அரங்குக்கு வந்ததும் ஒரு நடிகரின் பாதி முகத்துக்கு மட்டும் பூசி, மேடையில் கொண்டுபோய் நிறுத்தி, தான் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவதன் காரணம் இதுதான்.

ஒலிக்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒன்றில் எல்லாம் இருக்கிறது. மேடையில் டெலிபோன் மணி அடிக்கிறது. நடிகர் எழுந்து போய் எடுக்கிறார். எடுத்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நாடகம் பார்க்கும் எல்லோரும் ஒரு முறையாவது இதற்குச் சிரித்திருப்போம். முன்பு மணியைப் பேட்டரியில் இணைத்து, மறைப்பில் ஒருவர் பட்டனோடு நிற்பார். அவர் பார்வை நடிகரின் வலது கையில் இருக்கும். கை ரிசீவரைத் தொட்டதும் விரலை எடுப்பார். பதிவு செய்த ஒலி வந்த பிறகு மணியின் நீளம் முன்பே தீர்மானமாகிவிட்டது. நான்கு முறை மணி என்றால் நான்குதான். சபை சிரித்து நடிகர் ஒரு விநாடி தாமதித்தால் மணி ஓய்ந்த போனை எடுக்க வேண்டி வரும். உங்கள் இசை இயக்குபவர் இதற்கு வழி கண்டிருக்கிறார். அவரிடம் இருப்பது நீளமான ஒரே மணி, அதை லேப்டாப்பில் ஓடவிட்டு, ஒரு விரலை நிறுத்தும் பட்டனிலும் கண்ணை நடிகரின் கையிலும் வைத்திருக்கிறார். கருவி புதிது, வேலை அதேதான். அவர் நடிகரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்று சொன்னார்கள். பார்த்தால் தானும் நாடகத்தில் மூழ்கிவிடுவாராம்.

பக்கவாட்டில் பிரதியோடு நிற்கும் பிராம்ப்டரை எல்லோரும் மறதிக்கு மருந்து என்று நினைக்கிறார்கள். எடுத்துக்கொடுப்பது அவர் வேலையில் சுலபமான பாதி. எப்போது கொடுக்கக் கூடாது என்று தெரிவதுதான் கடினமான பாதி. நடிகர் வேண்டுமென்றே மௌனமாக நிற்கும்போது எடுத்துக்கொடுத்தால் அந்த மௌனம் செத்துவிடும். மறந்து நிற்கும்போது கொடுக்காவிட்டால் நடிகர் மாட்டிக்கொள்வார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணில் தெரியும். வேண்டுமென்று நிறுத்துகிறவர் எதிராளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறந்தவரின் பார்வை எதிராளியை விட்டு நழுவித் தரைக்குப் போகும். அப்போது அந்த வரியின் முதல் இரண்டு சொற்களை மட்டும் சொன்னால் போதும், மீதி தானாக வரும். முழு வாக்கியத்தையும் சொன்னால் முன்வரிசைக்கும் கேட்டுவிடும்.

உங்கள் பிராம்ப்டர் நான்கு வருடமாக அத்தனை பேருடைய வசனத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அதனால்தான் மாமாவாக நடிப்பவர் காய்ச்சலில் படுத்த அன்று மதியம் உங்களால் அவரையே மாமாவாக்க முடிந்தது. அன்று பிரதியைப் பிடிக்க ஆளில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு மேடையேறிய அவர் ஒரு வரியும் தவறவில்லை. அடுத்த காட்சியில் மறுபடி மறைப்புக்குப் போய்விட்டார்.

உங்களில் நடிகர்கள் பலர் வங்கியிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்கள். நாடகம் உங்களுக்கு ஆசை. சோறு வேறு இடத்திலிருந்து வருகிறது. செட் போடுகிறவருக்கும் விளக்குக்காரருக்கும் மேக்கப்காரருக்கும் இதுவே சோறு. காட்சி இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் இல்லை. 2020 மார்ச்சில் அரங்கங்கள் மூடியபோது நடிகர்களுக்கு மாலைப் பொழுது போனது, இவர்களுக்கு மாத வருமானம் போனது. இன்னொன்றையும் யோசியுங்கள். இவர்கள் உங்களுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. ஊரில் உள்ள பல குழுக்களுக்கும் இவர்கள்தான். உங்களுக்கு இது நூறாவது காட்சி. உங்கள் விளக்குக்காரருக்கு எத்தனையாவது காட்சி என்று யாரும் எண்ணிவைக்கவில்லை. அவர் தொழிலில் நூறாவது காட்சியும் ஆயிரமாவது காட்சியும் விழா இல்லாமலே கடந்து போயிருக்கும்.

விழாவைப் பற்றித்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கப் போகிறேன்.

நூறாவது காட்சி விழாக்கள் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். இடைவேளையில் சிறப்பு விருந்தினர் மேடைக்கு வருவார். ஆசிரியர், இயக்குநர், முக்கிய நடிகர்கள் என்று பொன்னாடையும் கேடயமும் போகும். நாடகம் முடிந்து நடிகர்கள் வரிசையாக நின்று கைகூப்பும்போது, இயக்குநர் மைக்கைப் பிடித்து “ஒளி, ஒலி, அரங்க அமைப்பு” என்று பெயர்களை வேகமாகப் படிப்பார். அந்த நேரத்தில் விளக்குக்காரரால் வர முடியாது. அவர் கை டிம்மரில் இருக்கிறது, அவர் எழுந்து வந்தால் நடிகர்கள் இருட்டில் நிற்க வேண்டும். இசை இயக்குபவர் முடிவு இசையைப் போட்டுக்கொண்டிருப்பார். செட் ஆட்கள் ஏற்கெனவே பின்னால் முட்டுகளைக் கழற்றத் தொடங்கியிருப்பார்கள், ஏனென்றால் அரங்கைக் குறித்த நேரத்தில் காலிசெய்து கொடுக்க வேண்டும். இடைவேளையிலும் அவர்களுக்கு ஓய்வில்லை. அடுத்த பாதிக்கான மாற்றம் எல்லாம் அப்போதுதான். சபையும் அதற்குள் பஸ்ஸை நினைத்து எழுந்துவிடும். யாருடைய அலட்சியமும் இல்லாமலே, நாம் நன்றி சொல்லும் நேரமெல்லாம் அவர்கள் வேலை செய்யும் நேரமாக அமைந்துவிடுகிறது.

ஆகவே நூறாவது காட்சியில் நேரத்தை மாற்றுங்கள். ஆறே முக்காலுக்குச் செட் தயாராகிவிடும், விளக்கும் சரிபார்த்தாகிவிடும். ஏழு மணிக்குச் சரியாகத் திரையை விலக்கி, நடிகர்கள் யாரும் வருவதற்கு முன்பு, அந்த வீட்டு ஹாலில் அவர்களை நிற்க வையுங்கள். செட் போட்ட மூன்று பேர், விளக்குக்காரர், இசை இயக்குபவர், மேக்கப்காரர், பிராம்ப்டர், மேடை நிர்வாகி, திரை இழுப்பவர், வேன் ஓட்டுநர். பெயரைச் சொல்லி, என்ன வேலை செய்கிறார் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். கதவைச் சாத்தும்போது சுவர் ஆடாமல் பார்த்துக்கொள்பவர் இவர் என்று சொன்னால், அன்று கதவு சாத்தப்படும்போது சபை அவரை நினைத்துக்கொள்ளும். மாலையை உங்கள் நடிகர்களே போடட்டும். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்காகச் சிறப்பு விருந்தினரின் பேச்சைச் சற்றுக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். நல்லவராக இருந்தால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்.

மலரிலும் அவர்கள் படங்களை நடிகர்களின் படங்கள் அளவிலேயே போடுங்கள். அன்றைய சம்பளத்தோடு ஒரு நாள் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுங்கள். பொன்னாடை வாங்கும் பணத்தில் அது முடியும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை நாடகத்துக்குப் போனால், ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக இருக்கையில் உட்காருங்கள். முடிந்ததும், பெயர்களைப் படித்து முடிக்கும் வரை எழுந்து போகாமல் இருங்கள். முடிந்தால் வெளியே வரும்போது பின்கதவு வழியாக வந்து, வேனில் தட்டி ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் நாடகம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.